நிலவும் நட்சத்திரமும்: ஒளிக்கிற மனுசனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஐந்து வருடம் சீட்டு விரித்த அனுபவம்

என்னுடைய டாரட் கட்டில் நிலவுச் சீட்டை நான் முதுகுப் பக்கத்திலேயே அடையாளம் கண்டுவிடுவேன். மேல் மூலை ஒன்று மடிந்து, உள்ளே இருக்கிற வெள்ளைக் கடதாசி தெரிகிறது. மற்ற 77 சீட்டுகளும் ஓரளவு ஒழுங்காகத்தான் இருக்கின்றன. இதை மட்டும் அடிக்கடி எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, "இதைப் பாருங்கோ, அந்த நண்டைப் பாருங்கோ" என்று காட்டிக் காட்டியே தேய்ந்துவிட்டது. இது ஒரு பிரச்சினை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கட்டு 2020 கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்து தந்தது. 1909இல் இலண்டனில் முதலில் வெளிவந்த, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த பழைய படங்கள்தான். கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணியோடு விரிப்பேன், காசு வாங்குவதில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அவர் என்னட்ட எதையோ ஒளிக்கிறார். என்னெண்டு பாத்துச் சொல்லுங்கோ அக்கா."

அந்தக் கேள்விக்கு நிலவு வந்தால் எல்லாரும் பயப்படுகிறார்கள், நட்சத்திரம் வந்தால் பெருமூச்சு விடுகிறார்கள். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் வாசித்தேன். அது பிழை என்று விளங்க இரண்டு பேரின் வாழ்க்கை தேவைப்பட்டது.

முதலில் படத்தைப் பார்ப்போம். நட்சத்திரம் 17ஆம் சீட்டு, நிலவு 18ஆம் சீட்டு. நிலவுச் சீட்டில் முன்னால் ஒரு குளம். அதிலிருந்து நண்டுக்கும் இறாலுக்கும் நடுவிலான ஒரு பிராணி பாதி உடம்போடு வெளியே வருகிறது. (குருநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி, "இது சிங்கிறால் அக்கா, இண்டைக்கு நல்ல விலை" என்றாள். அதற்குப் பிறகு அந்தச் சீட்டை இறுக்கமான முகத்தோடு எடுக்க எனக்கு முடியவில்லை.) குளத்துக்கு அப்பால் ஒரு நாயும் ஓர் ஓநாயும் மேலே பார்த்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு கோபுரங்களுக்கு நடுவால் ஒரு பாதை வளைந்து வளைந்து போகிறது. நிலவின் முகமோ கண்களைத் தாழ்த்தியிருக்கிறது.

இந்தப் படத்தில் பொய் சொல்கிற ஆள் ஒருவரும் இல்லை. ஆளே இல்லை. இருப்பது வெளிச்சம் போதாத ஓர் இரவு. அந்த வெளிச்சத்தில் வீட்டு நாய்க்கும் காட்டு ஓநாய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே நிலவு வந்தால் அவர் ஒளிக்கிறார் என்று வாசிக்க நான் இப்போது தயாரில்லை. கேட்கிறவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்றுதான் வாசிக்கிறேன். விரிப்பில் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதுதான், யாருக்கு என்ன தெரியவில்லை என்று சொல்லும். ஒளிக்கிற ஆளுக்குத் தனியாக வேறு படமே இருக்கிறது: வாள் ஏழு, ஐந்து வாள்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கால் விரலில் நடந்து கூடாரத்தை விட்டு நழுவுகிற ஒருவன்.

நட்சத்திரச் சீட்டில் ஒரு பெண் உடுப்பில்லாமல் குளக்கரையில் முழந்தாளிட்டிருக்கிறாள். இரண்டு குடங்கள். ஒன்றின் தண்ணீர் குளத்துக்குள்ளேயே போகிறது, மற்றது தரையில் விழுந்து ஓடுகிறது. எங்கள் ஆட்களுக்கு நட்சத்திரம் என்றவுடன் பிறந்த நட்சத்திரம்தான் ஞாபகம் வரும். "நான் ரோகிணி, அது எனக்கு நல்லதோ?" என்று கேட்டவர்கள் உண்டு. நிலவு வந்தாலும் அதே கதைதான்: சாத்திரத்தில் சந்திரன் மனத்துக்குக் காரகன் என்பதை வைத்து, "அவருக்கு மனக்குழப்பம் போல" என்று தாங்களே முடித்துவிடுவார்கள். நான் அதை மறுப்பதில்லை, ஆனால் இந்தச் சீட்டு ஒருவரின் குறிப்போடும் தொடர்பில்லாத வேறு ஒரு படம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். இந்தக் கேள்விக்கு அந்தப் படத்தில் எனக்கு முக்கியமானது அவளுக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்பது. அதைத்தான் நான் "சொல்லிவிடுதல்" என்று எடுக்கிறேன். யார் சொல்லப் போவது என்பதும் இடத்தைப் பொறுத்தது.

நான் வைப்பது ஐந்து சீட்டு, இந்த இடங்களில் "நான்" என்பது கேட்கிறவள். முதலாவது, நான் காண்பது. இரண்டாவது, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடப்பது. மூன்றாவது, நான் பார்க்காமல் விடுவது. நாலாவது, கேட்டால் எழும்பக்கூடியது. ஐந்தாவது, எப்படிக் கேட்பது. "அவர் மனதில் என்ன" என்று ஓர் இடம் முன்பு வைத்திருந்தேன், தூக்கிவிட்டேன். இல்லாத ஆளின் மனதுக்கு ஒரு சீட்டு ஒதுக்கினால், விழுவது எதுவாக இருந்தாலும் கேட்கிறவளின் பயம்தான் அதில் போய் ஏறும்.

2022 ஆனி, ஆடி மாதங்கள் ஞாபகமா? பெற்றோல் வரிசை. ஒரு பிள்ளையின் மனுசன் இரவு முழுக்க வீட்டுக்கு வருவதில்லை, கேட்டால் வரிசையில் நிற்கிறேன் என்கிறான். போனும் சார்ஜ் இல்லாமல் நின்றுவிடும். "அவர் மனதில்" என்ற இடத்தில் நிலவு விழுந்தது. "ஏதோ மறைக்கிறார் போலத்தான் கிடக்கு" என்று நானும் சொல்லிவிட்டேன். அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். மனுசன் மோட்டார்சைக்கிளுக்கு மேல் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு நித்திரை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் வந்தபோது நான் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் வீட்டில் அந்தச் சண்டை ஆற மாதக்கணக்கானது.

சரியாகப் போன ஒன்றையும் சொல்லவேண்டும். கோண்டாவில் பக்கத்து அக்கா ஒருவர், நாற்பது தாண்டியவர். மனுசன் போனைக் கவிழ்த்து வைக்கிறார், மாதக் கடைசியில் காசில்லை என்கிறார், கேட்டால் எரிந்து விழுகிறார். "வேற பொம்பிளை" என்று அக்கா முடிவெடுத்துத்தான் வந்திருந்தார். விழுந்தவை வரிசையாக: நிலவு, காசு நாலு, வாள் இரண்டு, காசு ஆறு, நட்சத்திரம்.

முதல் இடத்தில் நிலவு. "நீங்கள் காணுறது அரை வெளிச்சத்தில. நாயோ ஓநாயோ எண்டு இப்ப சொல்ல ஏலாது" என்றேன். இரண்டாவதில் காசு நாலு: ஒரு காசைத் தலையில், ஒன்றை நெஞ்சோடு, இரண்டைக் காலுக்குக் கீழே இறுக்கிப் பிடித்திருக்கிற மனுசன். நாலாவதில் காசு ஆறு, தராசு பிடித்துக்கொண்டு கைநீட்டுகிற ஆட்களுக்குக் காசு போடுகிறவர். ஐந்து சீட்டில் இரண்டு காசு, காதலுக்கும் மனதுக்குமான கிண்ணச் சீட்டு ஒன்றுகூட இல்லை. காதல் விவகாரம் என்றால் கிண்ணம் ஏதாவது எட்டிப் பார்க்கும் என்று எதிர்பார்ப்பது என் பழக்கம். ஆனால் இல்லாத சீட்டு சாட்சியாகாது, சந்தேகத்தை வேறு பக்கம் திருப்பிப் பார்க்க ஒரு காரணம் மட்டும்தான். ஆகவே "பொம்பிளை இல்லை" என்று நான் சொல்லவில்லை. "காசுப் பக்கத்தை முதல் கேளுங்கோ" என்றேன்.

அக்கா பேசாமல் இருந்தது மூன்றாவது சீட்டைப் பார்த்தபோது. வாள் இரண்டில் ஒரு பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு வாள் பிடித்திருக்கிறாள். பின்னால் கடல், மேலே பிறை. "நீங்கள் பாக்காமல் விடுறது என்ன?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அலுமாரியைத் திறக்கேல்ல" என்றார்.

"ஏன் அக்கா?"

"திறந்தால் காப்பு இருக்காதெண்டு தெரியும்."

இவ்வளவும் அவருக்கே தெரிந்திருந்தது. சீட்டு புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது இடத்தில் நட்சத்திரம் இருந்ததால், கேட்கிறவள்தான் முதலில் திறக்கவேண்டும் என்று வாசித்தேன். அவருக்கும் மறைவாக ஒன்று இருந்தது: மனுசனுக்குத் தெரியாமல் கட்டுகிற சீட்டுக்காசு. அதைச் சொல்லித் தொடங்குங்கோ என்றேன், விருப்பமில்லாமல்தான் சம்மதித்தார். ஒரு ஞாயிறு பின்னேரம், பிள்ளைகள் ரியூசனுக்குப் போன நேரம் பார்த்துக் கதைத்திருக்கிறார். தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு சோடிக் காப்பை அடைவு வைத்திருந்தார் மனுசன். கவிழ்த்து வைத்த போனில் வந்துகொண்டிருந்தது தம்பியின் செய்திகள். அடைவுத் துண்டு அவருடைய பேர்சுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இரண்டு குடத்தையும் அங்கே கண்டேன். காப்புக் கதை தரையில் விழுந்த தண்ணீர், எல்லாருக்கும் தெரிந்தது. தம்பி எவ்வளவு திருப்பித் தந்தான் என்பதை மனுசன் இன்னும் சொல்லவில்லை, அது குளத்துக்குள் ஊற்றுப்பட்ட மற்றக் குடம். போன வருடம் ஒரு காப்பு மீண்டது. மற்றது இன்னும் அடைவில்.

இப்போது என் பெரிய பிழை. ஒரு பெண்ணுக்கு முதல் இடத்தில் நிலவு, நாலாவதில் நட்சத்திரம் வந்தது. "இருட்டுக்குப் பிறகு நல்லது தெரியுது, பொறுங்கோ" என்றேன். அவள் எட்டு மாதம் பொறுத்தாள். மனுசனுக்கு வேறு ஊரில் இன்னொரு குடும்பம் இருந்தது. உண்மை வெளியே வந்தது, ஆனால் நல்லதாக அல்ல. நட்சத்திரம் வெளியே வருவதைக் காட்டலாம், வருவது என்ன மாதிரியான உண்மை என்று அதற்குத் தெரியாது. அது காலக்கெடுவும் சொல்லாது. "பொறுங்கோ" என்பது நான் சேர்த்த சொல், படத்தில் இல்லை. இப்போது நாலாவதில் நட்சத்திரம் வந்தால், எந்தத் திகதிக்குள் கேட்கப் போகிறீர்கள் என்று கேட்டு, அதைக் கொப்பியில் எழுதுகிறேன்.

அடுத்தது, திரும்பத் திரும்ப எடுப்பது. "நிலவும் நட்சத்திரமும் சேந்தே வருது அக்கா, இது சும்மா இல்லை" என்று போனில் ஒருத்தி சொன்னாள். அவளிடமும் ஒரு கட்டு உண்டு. ஒரு தடவை ஐந்து சீட்டு எடுத்தால் இந்த இரண்டும் சேர்ந்து வருவது ஏறத்தாழ முன்னூறில் ஒன்று. எத்தனை தடவை எடுத்தாய் என்று கேட்டேன். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து, இரண்டு கிழமையாக. அப்படியென்றால் ஒரு தடவையாவது வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு கேள்விக்கு ஒரு விரிப்பு, அடுத்தது அவரோடு கதைத்த பிறகு. தலைகீழ் சீட்டுகளையும் விட்டுவிட்டேன். நிலவு தலைகீழானால் மூடுபனி விலகுகிறது என்பார்கள், ஆனால் கேட்கிறவள் எதை விரும்புகிறாளோ அந்தப் பக்கம் சாய்ப்பதற்குத்தான் எனக்கு அது உதவியது.

அடி, மிரட்டல், போனைப் பறித்தல் என்று கதை போனால் நான் கட்டை மூடிவிடுவேன். அங்கே "எப்படிக் கேட்பது" என்ற ஐந்தாவது இடமே ஆபத்து. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தைக் கொடுத்து, கூட இருந்து எடுக்கச் சொல்வேன்.

இனி அந்த மடிந்த மூலை. கலைக்கும்போது நிலவு எங்கே இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரிகிறது. பதட்டமாக ஒரு பெண் முன்னால் இருந்தால், நினைக்காமலே அதை மேலே விட்டேனா, கீழே தள்ளினேனா என்று எனக்கே சந்தேகம். அதனால் இப்போது நான் கலைப்பதில்லை. கட்டைக் கேட்கிறவளின் கையில் கொடுத்து, பாயில் பரப்பி, அவளையே எடுக்கவிட்டு, நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது ஐந்தும் கவிழ்ந்து கிடக்கும். வெள்ளை மூலை இருக்கிறதா என்றுதான் கண் முதலில் தேடுகிறது.