நான்கு ஊர்கள், ஓர் அழைப்பு: நேரத்தை எழுதும் வழிகளில் எது பிசகாது?

சென்னை, சிங்கப்பூர், பெர்லின், டப்ளின் ஆகிய ஊர்களில் பணியாற்றும் ஒரு குழுவினர் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரே அழைப்பில் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் சென்னையில் பிற்பகல் 2 மணிக்கு அழைப்பு தொடங்கினால் சிங்கப்பூரில் மாலை 4:30, பெர்லினில் காலை 9:30, டப்ளினில் காலை 8:30. கோடைக்காலத்தில் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவதால் இந்த இடைவெளி மாறும். இந்த நேரத்தை எழுதுவதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: IST, CET போன்ற சுருக்கங்கள், உலகப் பொது நேரமான UTC, ஒவ்வோர் ஊரின் உள்ளூர் நேரம், காலண்டர் அழைப்பு. நான்கும் ஒரே அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல.

சுருக்கங்களை முதலிலேயே விலக்கிவிடலாம். "2 PM IST" என்பது நமக்கு இந்திய நேரம். ஆனால் அயர்லாந்தின் கோடைக்கால நேரத்துக்கும் அதே சுருக்கம்தான். இஸ்ரேலின் நேரத்துக்கும் அதுவே. ஜூலை மாதத்தில் அந்த வரியைப் படிக்கும் டப்ளின் ஊழியர் தம் கடிகாரத்தில் 2 மணிக்கு அழைப்பில் நுழைந்தால், அப்போது சென்னையில் மாலை 6:30 ஆகியிருக்கும். நாலரை மணி நேரப் பிசகு உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதாவது ஒரு நன்மை. CET தரும் பிசகு அப்படி வெளிப்படையாகத் தெரிவதில்லை. அது பெர்லினின் குளிர்கால நேரம். கோடையில் CEST என்று எழுத வேண்டும். ஆனால் பலர் ஆண்டு முழுவதும் CET என்றே எழுதுகிறார்கள். ஜூலையில் "10:30 CET" என்று வந்த செய்தியைச் சொல்லுக்குச் சொல் கணக்கிட்டால் சென்னையில் 3 மணி வரும். எழுதியவர் நினைத்ததோ பெர்லின் கடிகாரத்தின் 10:30, அதாவது சென்னையில் 2 மணி. சரியாகக் கணக்கிட்டவரே ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார்.

UTC-யில் இந்தக் குழப்பம் இல்லை. அதற்குக் கோடைக்காலமும் கிடையாது, வேறு பொருளும் கிடையாது. 08:30 UTC என்று எழுதினால் உலகில் ஒரே ஒரு கணத்தையே அது குறிக்கும். ஆனால் கணக்குப் போடும் சுமை படிப்பவர் தலையில் விழுகிறது. சிங்கப்பூர்க்காரர் எட்டு மணி நேரத்தைக் கூட்டினால் போதும். இந்தியர் ஐந்தரையைக் கூட்டும்போது அரை மணியை விட்டுவிட வாய்ப்புண்டு. பெர்லின்காரர் இன்றைக்கு ஒன்றைக் கூட்டுவதா இரண்டைக் கூட்டுவதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வர் பதிவுகளைப் பார்த்துப் பழகிய பொறியாளர் குழுவுக்கு இது பொருந்தும். விற்பனையாளரும் வாடிக்கையாளரும் சேரும் அழைப்புக்கு UTC-யை மட்டும் எழுதுவது போதாது.

ஒரே ஒரு முறை நடக்கும் கூட்டத்துக்கு ஊர்ப்பெயரோடு உள்ளூர் நேரங்களை வரிசையாக எழுதுவதே சிறந்தது என்பது என் முடிவு. படிப்பவர் தம் ஊரை மட்டும் பார்த்தால் போதும். எழுதியவர் ஓரிடத்தில் தவறினாலும் மற்ற வரிகளோடு ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிக்கலாம்: சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே எந்நாளும் இரண்டரை மணி நேரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டில் ஒன்று தவறு. ஆனால் எது தவறு என்பதை அந்த ஒப்பீடு சொல்லாது. ஆகவே முரண்பட்டால் எந்த ஊரின் நேரம் செல்லும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கிழமையும் தேதியும் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே வேண்டும். சென்னையில் செவ்வாய் இரவு 10 மணிக்கு நடக்கும் அழைப்பு சிங்கப்பூரில் புதன் 00:30. அதை "12:30 AM" என்று தேதியில்லாமல் எழுதினால், அது எந்த இரவு என்று கேட்டு ஒருவராவது பதில் அனுப்புவார்.

வாராந்திர அழைப்பில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. இந்தியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று 01:00 UTC-க்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அதே கணத்தில் பின்னே வருகிறது. 2026-இல் அவை மார்ச் 29, அக்டோபர் 25. அந்த ஞாயிறுக்குப் பிறகு அழைப்பு எந்த ஊரோடு கட்டப்பட்டிருக்கிறது, அதாவது எந்த ஊரின் கடிகாரத்தில் அதன் நேரம் மாறாமல் இருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

| நாள், கட்டிய ஊர் | சென்னை | சிங்கப்பூர் | பெர்லின் | டப்ளின் |
|---|---|---|---|---|
| மார்ச் 24, எதுவானாலும் | 14:00 | 16:30 | 9:30 | 8:30 |
| மார்ச் 31, சென்னை | 14:00 | 16:30 | 10:30 | 9:30 |
| மார்ச் 31, பெர்லின் | 13:00 | 15:30 | 9:30 | 8:30 |

UTC நடுநிலையானது என்று பலர் நம்புவது இங்கே பொய்த்துவிடுகிறது. "ஒவ்வொரு செவ்வாயும் 08:30 UTC" என்று எழுதினால் கிடைப்பது சென்னையோடு கட்டிய வரிசையேதான். ஐரோப்பியர் மட்டுமே நகர வேண்டியிருக்கும். பெர்லினோடு கட்டினால் கோடை முழுவதும் ஆசியர்களின் நேரம் ஒரு மணி முன்னே வரும். மேலே உள்ள அழைப்பில் அது சென்னையின் மதிய உணவு நேரத்தில் விழுவதால், நான் சென்னையோடு கட்டுவதையே தேர்ந்தெடுப்பேன். மாறாக, பெர்லின் பிற்பகல் 2 மணிக்கு நடக்கும் அழைப்பு என்றால், குளிர்காலத்தில் அது சிங்கப்பூரில் இரவு 9 மணி. பெர்லினோடு கட்டினால் கோடையில் அது இரவு 8 ஆகிவிடும். சிங்கப்பூர்க்காரருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது. யாருடைய நாள் நெருக்கடியானதோ அவர் பக்கம் நின்று முடிவெடுக்க வேண்டும்.

முடிவெடுத்ததைக் காலண்டரில் சரியாகப் பதிவது அடுத்த வேலை. காலண்டர் அழைப்புக் கோப்பு தன்னுள் ஊரின் பெயரைக் கொண்டிருக்கிறது:

```
DTSTART;TZID=Europe/Berlin:20260317T093000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=TU
```

இதில் உள்ள `Europe/Berlin` தான் வரிசையைக் கட்டும் கயிறு. அழைப்பை உருவாக்கியவரின் ஊரையே காலண்டர் பெரும்பாலும் அங்கே எழுதிவிடுகிறது. அவர் அதைத் தேர்ந்தெடுத்ததாகவே அறியாமல் இருக்கலாம். சிங்கப்பூரில் இருப்பவர் உருவாக்கியிருந்தால் மார்ச் 31 அன்று ஐரோப்பியருக்கு நேரம் மாறும். பெர்லினில் இருப்பவர் உருவாக்கியிருந்தால் ஆசியருக்கு மாறும். கண்டுபிடிக்கும் வழி எளிது: வரிசையில் மார்ச் 29-க்குப் பின்வரும் முதல் கூட்டத்தைத் திறந்து, உங்கள் ஊரில் எத்தனை மணி காட்டுகிறது என்று பாருங்கள். சென்னையில் 13:00 என்று காட்டினால் அது பெர்லினோடோ டப்ளினோடோ கட்டப்பட்டிருக்கிறது.

காலண்டரை மட்டும் நம்பாமல், அழைப்பின் உள்ளே இப்படி ஒரு குறிப்பையும் எழுதிவிடுவது நல்லது: "செவ்வாய்தோறும் சென்னை 14:00, சிங்கப்பூர் 16:30. பெர்லின் 9:30, டப்ளின் 8:30. 2026 மார்ச் 31 முதல் பெர்லின் 10:30, டப்ளின் 9:30. அக்டோபர் 27 முதல் மீண்டும் பழைய நேரம். முரண்பட்டால் சென்னை நேரமே செல்லும்." மின்னஞ்சலை மட்டும் படிப்பவருக்கும், காலண்டரில் ஊரைத் தவறாக வைத்திருப்பவருக்கும் இது போதுமானது.

`2026-03-31T14:00+05:30` என்று UTC-யிலிருந்து உள்ள வித்தியாச எண்ணோடு எழுதும் முறை ஒரு தனிக் கணத்தைத் துல்லியமாகச் சொல்கிறது. ஆனால் தொலைவான தேதிகளில் ஐரோப்பிய நேரத்தை அப்படி எழுதி வைக்க நான் பரிந்துரைக்கமாட்டேன். கடிகார மாற்றத்தைக் கைவிட ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் ஆதரவாக வாக்களித்தது. உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு எட்டப்படாததால் மாற்றம் தொடர்ந்தது. ஒரு நாள் அது நிறைவேறினால், `Europe/Berlin` என்று பதிந்த அழைப்பு, கணினியின் நேர மண்டலத் தரவு புதுப்பிக்கப்பட்டதும் தானாகத் திருந்தும். `+02:00` என்று பதிந்ததைக் கையால்தான் திருத்த வேண்டியிருக்கும்.