வெளியில் எலி மருந்து: தரையில் போடுவதா, பிவிசி குழாயா, பூட்டுப் பெட்டியா?

மச்சானின் அரிசிக் கிடங்கு எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஷட்டர் ஓரமாகப் பச்சை நிற எலி கேக்கை வரிசையாகப் போட்டு வைத்தோம். மறுநாள் காலையில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. எலி தின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். நான்காம் நாள் நாங்கள் சோறு வைக்கும் தெருநாய் சுருண்டு படுத்துக்கிடந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது, மூக்கில் ரத்தக் கசிவு. நல்லவேளையாக கால்நடை மருத்துவர் உடனே பிடித்துக்கொண்டார். வைட்டமின் கே1 ஊசியும் பிறகு நான்கு வாரம் மாத்திரையும் கொடுத்துப் பிழைத்தது.

கடைகளில் கிடைக்கும் எலி கேக் பலவற்றில் இருப்பது புரோமாடியோலோன், 0.005 சதவீதம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து இது. தின்ற எலி அங்கேயே விழாது. சாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். அதனால்தான் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வருவதில்லை. அதே காரணத்தால், நாயோ குழந்தையோ தின்றாலும் நமக்கு உடனே தெரிவதில்லை. ஆக, இந்த மருந்தை வெளியில் எதற்குள் வைக்கிறோம் என்பதுதான் முக்கியமான கேள்வி. மூன்று வழிகளையும் அதே கிடங்கில் செய்து பார்த்திருக்கிறேன்.

தரையில் சும்மா போடுவதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எலி கேக்கை நின்ற இடத்திலேயே தின்பதில்லை, வாயில் கவ்விக்கொண்டு போகும். போகிற வழியில் எங்கே போடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அரிசி மூட்டைக்கு நடுவிலும் கிடக்கலாம், பக்கத்து வீட்டு வாசலிலும் கிடக்கலாம். மழை வந்தால் நனைந்து வீணாகும். கணக்கும் கிடைக்காது: காணாமல் போன கேக்கைத் தின்றது எலியா, நாயா, அணிலா? வெளியில் இந்த முறையை நான் எந்தச் சூழ்நிலையிலும் சிபாரிசு செய்யமாட்டேன்.

அடுத்து நாங்கள் போனது பிவிசி குழாய்க்கு. மூன்று அங்குல T வடிவ இணைப்பைத் தலைகீழாக வைத்து, இரு பக்கமும் ஓர் அடிக் குழாய் செருகி, மேலே நிற்கும் குழாய்க்கு மூடி போடுவது. மழை படாது, செலவு குறைவு, எலிக்கும் பிடிக்கும். இருட்டான வளை மாதிரி இருக்கிறதல்லவா. ஆனால் இதில் குறைகளும் உண்டு. மூன்று அங்குலத்துக்குள் சின்னக் குழந்தையின் கை தாராளமாகப் போகும், ஓர் அடி நீளம் அதைத் தடுக்காது. மேல்மூடியைத் திருகினால் வந்துவிடும். குரங்கு நடமாடும் ஊரில் அது ஒரு நாள்கூட நிற்காது. உள்ளே குறுக்காக ஒரு கம்பி போட்டுக் கேக்கைக் கோக்காவிட்டால் எலி வெளியே இழுத்துவிடும், நாய் காலால் குழாயை உருட்டினாலும் கொட்டிவிடும். பூட்டிய கேட்டுக்குள், குழந்தையும் நாயும் வராத தோட்டத்துக்கு, கம்பி கோத்துச் சுவரில் கிளாம்ப் அடித்துவிட்டால் இது போதும். தெருவைப் பார்த்த சுவருக்குப் போதாது.

மூன்றாவது, பூச்சிக்கொல்லி ஆட்கள் பெயிட் ஸ்டேஷன் என்று சொல்லும் பூட்டுப் பெட்டி. விலை சில நூறு ரூபாய். கனமான பிளாஸ்டிக், திறக்கத் தனிச் சாவி. எலி நுழைந்ததும் நேராக மருந்து இருக்காது. ஒரு தடுப்பைச் சுற்றி வளைந்தால்தான் அறைக்குப் போக முடியும். நாயின் மூக்கும் பிள்ளையின் விரலும் அந்த வளைவில் நின்றுவிடும். கேக்கின் நடு ஓட்டையில் கம்பி கோத்திருப்பதால் எலி அங்கேயே கொறித்தாக வேண்டும். அமெரிக்காவில் இப்பெட்டிகளைக் குழந்தைகளையும் நாய்களையும் விட்டுச் சோதிக்கிறார்கள். வெயில் மழை தாங்குவதும் சேர்ந்தால்தான் வெளியில் வைக்கும் முதல் தரம். வாங்கும்போது நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். சாவியில்லாமல் பெட்டியை மேலிருந்து மிதியுங்கள், கவிழ்த்துக் குலுக்குங்கள். மூடி விலகினாலோ கேக் துண்டு கீழே வந்தாலோ அது பூட்டுப் பெட்டி இல்லை, வெறும் டப்பா.

ஆனால் நல்ல பெட்டியும் தவறான இடத்தில் இருந்தால் வீண்தான். எலி மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே ஓடும், நடுவெளியைக் கடக்கத் தயங்கும். அதனால் பெட்டியின் இரண்டு வாசலும் சுவரோடு ஒரே கோட்டில் இருக்கவேண்டும், பெட்டி சுவரை ஒட்டியிருக்கவேண்டும். கிடங்கு 60க்கு 40 அடி, சுற்றளவு 200 அடி. வெளியில் எலிக்கு 15 முதல் 30 அடிக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு. நாங்கள் 25 அடி எடுத்துக்கொண்டோம், எட்டுப் பெட்டி ஆனது. ஆனால் அளந்து வைத்துவிட்டு வரவில்லை. ஷட்டரின் இரு பக்கம், சாக்கடைக் குழாய் சுவரைத் துளைக்கும் இடம், மண் குவிந்த வளை தெரிந்த பின்மூலை, சுவரில் எலி உரசிக் கருத்த எண்ணெய்க் கோடு இருந்த இடம் என்று முதலில் குறித்தோம். மிச்சத்தைத்தான் இடைவெளி பார்த்து நிரப்பினோம். மேற்குச் சுவரில் மதிய வெயில் நேராக அடிக்கும், மெழுகுக் கேக் இளகிவிடும் என்று அங்கே ஒரு பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குத் தள்ளினோம். சிமெண்ட் தரையில் இருந்தவற்றை ஸ்க்ரூ போட்டோம். மண் தரையில் இருந்தவற்றை நடைபாதைக் கல்லில் ஒட்டினோம். அசைக்க முடிகிற பெட்டி, தூக்கிக்கொண்டு போக முடிகிற பெட்டி.

முதல் வாரம் எதுவும் நடக்கவில்லை. மச்சான் பெட்டியை இடம் மாற்றலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேண்டாம் மச்சான், புதுப் பொருளைப் பார்த்தால் எலி சில நாள் ஒதுங்கிப்போகும், மாற்றினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்றேன். ஒன்பதாம் நாள் பின்மூலைப் பெட்டியைத் திறந்தபோது கேக்கின் ஓரத்தில் ஜோடி ஜோடியாகப் பல் தடம். சின்ன உளியால் செதுக்கினது போல இருந்தது. பக்கத்திலேயே பச்சை சாயம் ஏறிய புழுக்கை. அது எலிதான். வேறொரு பெட்டியில் கேக் பொடிப்பொடியாகி இருந்தது, அது எறும்பு. இன்னொன்றில் மினுமினுத்த கோடு, நத்தை. அந்த இரண்டையும் எலிக் கணக்கில் சேர்க்கவில்லை. தின்னும் பெட்டியில் குறைந்தது பத்து நாளாவது மருந்து தீராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். நடுவில் தீர்ந்துவிட்டால் மிச்சமிருக்கும் எலிகள் தப்பிவிடும். முழுதும் தின்றுபோனால் அதன் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி வையுங்கள்.

பெட்டியாலும் முடியாதவை உண்டு. நுழையும் வாசல் எலிக்கு என்றால் அணிலுக்கும் அதே வாசல்தான். அணில் ஓடும் மரத்தடியில் வைக்காதீர்கள். முழுதாக வளர்ந்த பெரிய பெருச்சாளி பல பெட்டிகளில் நுழையவே முடியாது, அதற்கு வளைக்கருகே கூண்டுதான். இன்னொன்று, மருந்து தின்று தள்ளாடும் எலியைக் கூகையோ பூனையோ பிடித்தால் விஷம் அதற்குள் போகும். பெட்டி இதைத் தடுக்காது. அதனால் செத்த எலியைத் தினமும் தேடிப் பொறுக்கி ஆழப் புதைத்தோம். எலி தின்பது நின்று இரண்டு வாரம் ஆனதும் எட்டுப் பெட்டியிலிருந்தும் கேக்கை எடுத்துவிட்டு, கம்பியிருந்த இடத்தில் அடிப்பொறி வைத்துப் பூட்டினோம். பிறகு சாக்கடைக் குழாயைச் சுற்றிய ஓட்டையைச் சிமெண்ட் பூசி அடைத்தார் மச்சான்.