கார் பேட்டரி மாற்றும்போது கடிகாரமும் ரேடியோவும் அழியாமல் இருக்க: மெமரி கேபிள், சில வருட அனுபவம்

எங்கள் வீட்டில் ஓடுவது பழைய ஹோண்டா சிட்டி பெட்ரோல். அதில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரம், சேமித்த ரேடியோ நிலையங்கள், சராசரி மைலேஜ் கணக்கு எல்லாம் போய்விடும். அதோடு ரேடியோ திரையில் CODE என்று வந்து நின்றுவிடும். வண்டியோடு வந்த கார்டில் இருக்கும் எண்ணைப் போட்டால்தான் பாட்டு. மச்சான் வண்டியும் இதே மாதிரிதான். அவருக்குக் கடையில் பேட்டரி மாற்றிக் கொடுத்தபோது யாரும் இதைப் பற்றிச் சொல்லவில்லை. கார்டும் கையில் இல்லாததால் ரொம்ப நாள் ரேடியோ இல்லாமலேயே ஓட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் மெமரி கேபிள் வாங்கினேன். இரண்டு வண்டிக்கும் இப்போது அதுதான்.

பொருள் எளிமையானது. ஒரு முனையில், மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் 16 பின் பிளக், மறுமுனையில் சிவப்பு, கருப்பு கிளிப்புகள், நடுவில் ஒரு ஃப்யூஸ். ஓபிடியின் 16ஆவது பின்னுக்கு, சாவி எடுத்திருந்தாலும் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் வரும். 4ஆம், 5ஆம் பின்கள் பாடிக்கும் மைனஸுக்கும் போகும். அந்த வழியாகவே வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, பேட்டரி இல்லாத சில நிமிடங்களுக்கு வண்டியின் நினைவைக் காப்பாற்றுகிறோம். கொடுப்பதற்கு நான் வைத்திருப்பது கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. வாங்கும்போது ஃப்யூஸ் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஃப்யூஸ் இல்லாத கேபிளும் விற்கிறார்கள். அதை நான் தொடமாட்டேன்.

சிகரெட் லைட்டர் துளையில் 9 வோல்ட் பேட்டரி செருகும் முறையும் உண்டு. நம்மூர் வண்டிகள் பலவற்றில் சாவியை எடுத்ததும் அந்தத் துளையில் மின்சாரம் நின்றுவிடும். அப்போது செருகினாலும் பயனில்லை. சாவியை அரைத் திருப்பு திருப்பி வைத்தால் ரேடியோவும் மற்றதும் சேர்ந்து இழுத்து, அந்தச் சின்ன பேட்டரியைச் சீக்கிரம் காலி செய்துவிடும். அதனால்தான் ஓபிடி வழி.

டெர்மினல் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வண்டியின் பாடி முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போதே பிளஸ் நட்டை ஸ்பேனரால் திருப்பினால், ஸ்பேனரின் மறுமுனை பக்கத்து இரும்பில் பட்ட அந்த நொடியே முழு ஷார்ட். ஸ்பேனர் சிவக்கும், பேட்டரி வெடிக்கவும் கூடும். மைனஸை எடுத்துவிட்டால் அப்படி இடித்தாலும் பேட்டரியின் வட்டம் முழுமை அடையாது.

மெமரி கேபிள் வந்ததும் இதில் ஒன்று மாறுகிறது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சாதாரணமாகப் பேட்டரியை எடுத்துவிட்டால் பிளஸ் கிளாம்ப் வெறும் உலோகம். கேபிள் போட்டிருந்தால், பேட்டரியே இல்லாவிட்டாலும் அந்தக் கிளாம்பில் 12 வோல்ட் இருக்கும். அது பாடியில் பட்டால் கேபிளின் ஃப்யூஸ் போய்விடும், காப்பாற்ற வந்த நினைவும் அதோடு போகும். எனவே பிளஸ் கிளாம்ப் வெளியே வந்த கையோடு அதை ரப்பர் கையுறைக்குள் நுழைத்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். பழைய சைக்கிள் டியூப் துண்டும் நன்றாகவே வேலை செய்யும்.

கடைசியாக மாற்றியபோது செய்ததை அப்படியே சொல்கிறேன். காலையில் ஸ்டார்ட்டர் இழுக்கத் திணறியது. இரவு முழுக்க நின்ற வண்டியில் மீட்டர் வைத்தால் 12.1 வோல்ட். நன்றாக ஏறிய பேட்டரி 12.6 அருகில் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 14.2 வந்ததால் ஆல்டர்னேட்டர் சரி, பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது. புதியது வாங்கும்போது பழையதன் மேலிருந்த 38B20L என்ற எண்ணை அப்படியே கேட்டேன். கடைசி எழுத்து பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது. L இருக்கும் இடத்தில் R வாங்கினால் ஒயர் எட்டாது, அல்லது தலைகீழாக மாட்டும் ஆபத்து வரும்.

சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். உள்விளக்கின் ஸ்விட்சை ஆஃப் செய்தேன், இல்லையென்றால் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது எரிந்து சின்ன பேட்டரியை உறிஞ்சும். டிரைவர் பக்கக் கண்ணாடியை முன்பே இறக்கியாயிற்று. நடுவில் கதவு பூட்டிக்கொண்டால் கை விட்டுத் திறக்கலாம். யூபிஎஸ் பேட்டரியை டிரைவர் மேட் மீது வைத்துக் கிளிப்புகளை மாட்டினேன், அப்புறம் பிளக்கை ஓபிடியில் செருகினேன். பழைய பேட்டரி ரொம்ப இறங்கியிருந்தால் சின்ன பேட்டரியிலிருந்து அதற்கே மின்சாரம் ஓடத் தொடங்கும். ஆகவே செருகிவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது.

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் கிளாம்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கித் துணியால் மூடினேன். அடுத்துதான் எனக்குப் பிடித்த சோதனை. மீட்டரின் சிவப்பு முனையை பிளஸ் போஸ்ட்டிலும் கருப்பு முனையைக் கழற்றிய மைனஸ் கிளாம்பிலும் வையுங்கள். 12 வோல்ட் சொச்சம் காட்டினால் கேபிள் வேலை செய்கிறது, தைரியமாக பிளஸைக் கழற்றலாம். பூஜ்யத்துக்கு இறங்கினால் கேபிள் வழி மின்சாரம் வரவில்லை. உடனே மைனஸை மாட்டிவிட்டு ஃப்யூஸையும் கிளிப்புகளையும் பாருங்கள். கேபிளிலேயே சின்ன விளக்கு இருந்தாலும் நான் மீட்டரைத்தான் நம்புவேன். விளக்கு எரிவது கேபிளுக்கு மின்சாரம் வருவதைத்தான் சொல்லும், வண்டிக்குள் போய்ச் சேர்ந்ததைச் சொல்லாது.

பிறகு பிளஸ், அதற்குக் கையுறை, பிடிப்புக் கம்பி, பழைய பேட்டரி வெளியே. கிளாம்பில் படிந்திருந்த வெள்ளைப் பூவை ஈரத்துணியில் ஆப்ப சோடா தொட்டுத் துடைத்து உலரவிட்டேன். புதியதை வைத்துப் பிடிப்புக் கம்பியை இறுக்கி, பிளஸ், கடைசியில் மைனஸ். வழக்கமாக மைனஸ் தொடும்போது சின்னப் பொறி தெறிக்கும். கேபிள் இருந்தால் வண்டிக்குள் ஏற்கெனவே மின்சாரம் நிற்பதால் அது அநேகமாக வராது. இரண்டு கிளாம்பும் கையால் திருப்பினால் அசையாத அளவு இறுகிய பிறகுதான் ஓபிடி பிளக்கை உருவினேன். கடிகாரம் சரியான நேரம் காட்டியது, ரேடியோ கோட் கேட்கவில்லை.

இவ்வளவு வருடத்தில் கேபிளில் எனக்குக் குறையே இல்லை. கவனம் கேட்பது யூபிஎஸ் பேட்டரிதான். சும்மா போட்டு வைத்தால் தானாக இறங்கிக் கெட்டுவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். கேபிளோடு ஒரு உபரி ஃப்யூஸும் பையில் இருக்கட்டும். ரேடியோ கோட் எண்ணை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேபிள் இருந்தாலும்தான்.

இரண்டு இடத்தில் இதைப் பயன்படுத்த மாட்டேன். ஒன்று, ஏர்பேக் அல்லது ஸ்டீயரிங் பக்கம் வேலை இருந்தால். அங்கே மின்சாரம் முழுக்க அற்றுப்போக வேண்டும் என்பதற்காகத்தான் பேட்டரியையே கழற்றுகிறோம். இன்னொன்று, மைனஸ் கிளாம்பிலேயே சென்சார் உள்ள, சிக்னலில் தானாக அணைந்து எழும் புதிய வண்டிகள். அவற்றில் சிலவற்றுக்குப் புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் வைத்து வண்டிக்குத் தெரிவிக்க வேண்டும், அது சர்வீஸ் சென்டர் வேலை.