ஐந்து பேர் ஜாமீனா, பதினைந்து பேர் உண்டியலா?

பர்மாவில், யாங்கோன் பக்கத்துத் தன்லினில் எங்கள் தெருப் பெண்ணுக்குக் கடன் வேண்டுமென்றால் மூன்று கதவுகள் உண்டு. நகையைக் கொண்டுபோய் அடகு வைக்கலாம். குறுங்கடன் நிறுவனத்தில் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று வாங்கலாம். அல்லது பதினைந்து பேர் வாராவாரம் சேமித்து, சேர்ந்த காசைத் தங்களுக்குள்ளேயே வட்டிக்கு விட்டுக்கொள்ளும் மகளிர் குழுவில் சேரலாம். எல்லோரும் முதலில் வட்டியைத்தான் கேட்கிறார்கள். எட்டு வருஷம் குழுக்கணக்கு எழுதிய எனக்கு வேறொரு கேள்விதான் முதலில் வருகிறது. கடன் கேட்பவள் எப்படிப்பட்டவள் என்பது யாருக்குத் தெரியும்? தெரிந்தவர் அதை வாய்விட்டுச் சொல்வாரா?

அடகுக்கடைக்காரருக்கு இந்தக் கேள்வியே வேண்டாம். அவர் ஆளைப் பார்ப்பதில்லை, தங்கத்தை உரசிப் பார்க்கிறார். நம் செட்டியார்கள் இதே நாட்டில் நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு கொடுத்ததும் இந்த வழிதான். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடன்காரர்களால் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-ல் சுமார் 25 சதவீதமாயிற்று. விவசாயியிடம் நிலம் போயிற்று. செட்டியாரிடம் விற்க முடியாத நிலமும் ஊர்ப் பகையும் சேர்ந்தன. ஈடு இருந்தால் ஆளைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை. ஈடே இல்லாதவளுக்கு அந்தக் கதவு திறப்பதும் இல்லை.

ஐந்து பேர் குழுவின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பலர் நினைப்பதுபோல அது வசூலுக்கான தந்திரம் மட்டுமல்ல. முக்கியமான வேலை, யாரைச் சேர்ப்பது என்று பேசும் அந்த முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. மொஹிங்கா கடை அக்கா வீட்டுத் திண்ணையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஐந்தாவதாக ஒருத்தியின் பெயர் வந்தது. நல்ல உழைப்பாளி, துணி வியாபாரம், சிரித்த முகம். யாரும் மறுக்கவில்லை. அப்புறம் அக்கா கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "அவ வீட்டுக்காரர் தினமும் ரெண்டு இலக்கம் கட்டுறாருடீ" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. இரண்டு இலக்க லாட்டரியில் அவர் எவ்வளவு விட்டிருக்கிறார் என்பதை எந்த நிறுவனத்து விண்ணப்பத்திலும் எழுத இடமில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. தன் பணம் மாட்டும் என்பதால்தான் அதை வாய்விட்டுச் சொன்னார்.

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. பொருளாதார அறிஞர் மைத்ரேஷ் கட்டக் 1999-ல் எழுதிய வாதத்தை நம் ஊர்க் காசில் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. புரிவதற்காக ஊதிப் பெருக்கியிருக்கிறேன். இங்கே 2011-ல் குறுங்கடன் சட்டம் வந்தபோது வட்டி உச்சவரம்பு ஆண்டுக்கு 30 சதவீதம்தான்.

ஒரு லட்சம் கியாட் கடன். நிறுவனத்துக்குச் சராசரியாக 105 ஆயிரம் திரும்ப வந்தால் போதும். நிதானக்காரிக்குப் பத்தில் ஒன்பது தடவை வியாபாரம் ஓடும், ஓடினால் 200 ஆயிரம் கிடைக்கும். துணிச்சல்காரிக்குப் பத்தில் ஐந்து தடவைதான் ஓடும், ஓடினால் 360 ஆயிரம். சராசரி இருவருக்கும் 180. கடன் கேட்பவர்களில் இருவகையும் பாதிப் பாதி. யார் எந்த வகை என்று நிறுவனத்துக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே தொகை என்றால் 150 ஆயிரம் கேட்க வேண்டும், ஏனென்றால் பத்தில் ஏழுதான் திரும்பும். நிதானக்காரிக்கு மிஞ்சுவது சராசரியாக 45. கூலி வேலைக்குப் போனால் 50 கிடைக்கும் என்றால் அவள் ஏன் வருவாள்? அவள் விலகிவிட்டால் மிஞ்சுவது துணிச்சல்காரிகள் மட்டும். தொகை 210 ஆகிவிடும். நல்ல கடனாளிகளை விரட்டிவிட்டு, மற்றவர்களிடம் வட்டியை ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இப்போது இருவரை ஜோடி சேர்க்கலாம். தன் கடனுக்கு 138 கட்ட வேண்டும். ஜோடி விழுந்தால், தான் விழாதவள் கூடுதலாக 50 கட்ட வேண்டும். துணிச்சல்காரி ஒரு நிதானக்காரியோடு சேர ஆசைப்படுவாள். அப்படிச் சேர்ந்தால் சராசரியாக அவளுக்கு 10 ஆயிரம் லாபம். ஆனால் நிதானக்காரிக்கு அதனால் 18 ஆயிரம் நஷ்டம். பத்தைக் கொடுத்துப் பதினெட்டை வாங்க முடியாது. ஆகவே நிதானம் நிதானத்தோடும் துணிச்சல் துணிச்சலோடும் சேர்கின்றன. இப்போது நிதானக்காரிக்கு 51 மிஞ்சுகிறது. கூலியைவிட ஆயிரம் கூட. அவள் திரும்பி வருகிறாள். நிறுவனத்துக்கும் 105 வந்துவிடுகிறது. யார் எந்த வகை என்று கடைசிவரை அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

கணக்கு அழகுதான். ஆனால் அது சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. ஐந்து பேரும் ஒரே சந்தையில் விற்றால், சந்தை மூடிய அன்று ஐந்தும் சேர்ந்து விழும். 2008 நர்கிஸ் புயலுக்குப் பிறகு டெல்டாவில் யார் யாருக்கு ஜாமீன் நிற்க முடிந்திருக்கும்? இன்னொரு கோளாறும் உண்டு. தன் கடனைக் கட்டக் காசுள்ளவள், கட்ட முடியாத இருவருக்கும் சேர்த்துக் கட்டச் சொன்னால், "அப்போ நானும் கட்டல" என்று பையை மூடிவிடுவாள். தனியாக வாங்கியிருந்தால் வந்திருக்கும் பணமும் வராமல் போகிறது.

கெட்டுப்போன குழுவைக் கூட்டத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஒருத்தியே மூன்று பாஸ்புக்கைக் கையில் வைத்திருப்பாள். "எதுக்குக் கடன் வாங்கினே?" என்று பெயருக்குரியவளைக் கேட்டால் அவள் அந்த ஒருத்தியின் முகத்தைப் பார்ப்பாள். கடன் எல்லாம் ஒரு கைக்குப் போய்விட்டது, மற்றவர்கள் வெறும் பினாமி என்று அர்த்தம். நான் கணக்கு எழுதிய காலத்தில் ஒரு குழுவில் இது நடந்தது. பாஸ்புக்குகளை நானே அடுக்கி வாங்கி வைத்தும் ஐந்து வாரம் எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது கதவு இந்த இடத்தில்தான் வித்தியாசப்படுகிறது. இந்தியாவில் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-ல் 500 குழுக்களோடு வங்கி இணைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த மாதிரியில் குழு முதலில் மாதக்கணக்கில் சேமிக்க வேண்டும், உள்ளுக்குள்ளேயே சின்னக் கடன் கொடுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வங்கி குழுவின் பெயரில் கடன் தரும். யாரை நம்பலாம் என்பதை ஐந்து பேர் குழு திண்ணைப் பேச்சில் ஊகிக்கிறது. சேமிப்புக் குழுவோ ஆறு மாதக் கணக்கு நோட்டில் பார்த்துவிடுகிறது. யார் மூன்றாவது வாரமே சந்தாவுக்குச் சாக்குச் சொன்னாள் என்பது நோட்டிலேயே இருக்கும். தவிர, வட்டி வெளியே போகாமல் குழுவிலேயே தங்குகிறது. ஆனால் நாளைக்கே மகள் பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டும் என்பவளுக்கு ஆறு மாதப் பொறுமை ஒத்துவராது. கணக்கு எழுதத் தெரிந்த ஒருத்தி இல்லாவிட்டாலும் குழு நிற்காது.

கூட்டு ஜாமீன் என்றென்றைக்கும் வேண்டுமா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம். பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குழுக்களின் வாராந்தரக் கூட்டத்தை வைத்துக்கொண்டே ஜாமீனை மட்டும் எடுத்துப் பார்த்தது. பொருளாதார அறிஞர்கள் ஜினே, கார்லன் இருவரும் ஆராய்ந்தார்கள், கட்டாதவர்கள் கூடவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பெண்கள் ஜாமீன் இருந்த நாளிலேயே சலித்து எடுக்கப்பட்டவர்கள்தானே. குழுக்கடனுக்குப் பேர்போன வங்கதேசத்துக் கிராமீன் வங்கியும் 2000-களின் தொடக்கத்தில் கூட்டுப் பொறுப்பைக் கைவிட்டது.

ஆகவே யாராவது என்னைக் கேட்டால், ஆறு மாதம் காத்திருக்க முடிந்தவளைச் சேமிப்புக் குழுவுக்கு அனுப்புவேன். முடியாதவள் ஐந்து பேர் குழுவுக்குப் போகட்டும். ஐந்தும் ஒரே வியாபாரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று சுற்று ஒழுங்காகக் கட்டி முடித்தவளுக்குத் தனிக்கடன் கொடுக்கச் சொல்லி நிறுவனத்தை நச்சரிப்பேன்.

திண்ணையில் தள்ளிவைத்த அந்தத் துணிக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை. அடுத்த வருஷம் பக்கத்துத் தெருச் சேமிப்புக் குழுவில் அவள் சேர்ந்தாள். வீட்டுக்காரர் கைக்குப் போகுமுன் சனிக்கிழமை காலையிலேயே சந்தாவைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவாளாம். நோட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு காலிக் கட்டம்கூட இல்லை என்று அந்தக் குழுவின் கணக்குக்காரி சொன்னாள்.