குடோன்காரரின் இன்சூரன்ஸா, நம் சொந்த பாலிசியா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. மாதவரம் பக்கம் ஒரு குடோனில் எங்கள் பெட்ஷீட் கட்டுகள் இருந்தன. பலகை போட்டு அடுக்காமல் தரையிலேயே வைத்திருந்தார்கள். உள்ளே வந்தது கணுக்கால் தண்ணீர்தான். ஆனால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அடிக்கட்டு ஈரத்தை இழுத்து நான்காம் கட்டுவரை ஏற்றிவிட்டது.

சரக்கை இறக்கிய அன்று, “இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு சார்” என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அது பொய்யில்லை. கட்டிடத்துக்கும் அவர்களுடைய ரேக்குகளுக்கும் இருந்தது. வழக்கமான தீ விபத்து பாலிசியில், பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் சரக்கு என்று தனியாக எழுதிச் சேர்க்காவிட்டால், வாடிக்கையாளர் சரக்குக்குக் காப்பீடு கிடையாது. அதனால் இப்போதெல்லாம் வாய்வார்த்தையை நம்பாமல் பாலிசி நகலைக் கேட்கிறேன். அட்டவணைப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா, தொகை எவ்வளவு, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பழைய வகை பாலிசிகளில் பிரீமியத்தைக் குறைக்க வெள்ளத்தையும் புயலையும் விட்டுவிட முடியும். அந்த வரி இருந்தாலும், 40 பேர் சரக்குக்கு ஒரே தொகை என்றால் நம் பங்கு எவ்வளவு என்ற கேள்வி பாக்கி இருக்கும்.

சரி, காப்பீடு இல்லாவிட்டாலும் அவருக்குப் பொறுப்பு இல்லையா? உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவுப்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சரக்கை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனம் அவர் எடுக்க வேண்டும். எடுத்தேன் என்று காட்ட வேண்டியதும் அவர்தான். எங்கள் விஷயத்தில் பலகை போடாததே போதும் என்று வக்கீல் சொன்னார். ஆனால் வழக்கு நடத்தி வாங்கும் பணம் அடுத்த சீசன் கொள்முதலுக்கு வந்து சேராது. மேலும் ஒப்பந்தத்தில் ‘சரக்கு உரிமையாளர் பொறுப்பில்’, ‘அதிகபட்ச இழப்பீடு மூன்று மாத வாடகை’ போன்ற வரிகள் இருந்தால் பேரம் அங்கேயே சுருங்கிவிடும். பூட்டுச் சாவி நம்மிடமே இருக்கும் வெறும் வாடகை இடமென்றால், சரக்கை அவரிடம் ஒப்படைத்ததாகவே ஆகாது. அந்தப் பிரிவும் உதவாது.

அதனால்தான் சொந்த பாலிசி எடுத்தேன். சொத்து மதிப்பு 5 கோடிக்குள் இருக்கும் சிறு தொழிலுக்கு 2021 முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. தீ, வெள்ளம், புயல் எல்லாம் அதில் சேர்ந்தே வரும்.

இதில் நான் கவனமாக இருப்பது தொகை விஷயத்தில்தான். சரக்கு 30 லட்சம், காப்பீடு 20 லட்சம், சேதம் 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லட்சத்துக்குக் காப்பீடு இருக்கிறதே, 6 லட்சமும் வரும் என்றுதான் நினைப்போம். வராது. மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறோம், ஆகவே கிடைப்பதும் 4 லட்சம்தான், அதிலும் பிடித்தம் போக. இந்த பாலிசியில் 15 சதவீதம்வரை குறைவைப் பொருட்படுத்த மாட்டார்கள். அதைத் தாண்டினால் கணக்கு இப்படித்தான். எங்களுக்கு தீபாவளிக்கு முன் சரக்கு இரண்டு மடங்காகும். வருடாந்திர சராசரியை எழுதியிருந்தால், சரியாக மழைக்காலத்தில் மாட்டியிருப்போம். இப்போது அக்டோபர் உச்சத்தை, கொள்முதல் விலையில், எழுதுகிறேன்.

அப்புறம் முகவரி. பாலிசி அதில் எழுதிய இடத்துக்குத்தான் செல்லும். இடம் போதாமல் குடோன்காரர் பக்கத்து ஷெட்டுக்கு மாற்றினால் காப்பீடு கூடவே போகாது. ‘எழுத்துமூலச் சம்மதமின்றி இடம் மாற்றக் கூடாது’ என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன், மறுப்பில்லாமல் சேர்த்தார்கள். ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்ற வரியை மட்டும் எடுக்கவில்லை. அதை பாலிசி எடுக்கும்போதே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நமக்குப் பணம் கொடுத்தபின் குடோன்காரரிடம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. அந்த உரிமையை நாம் சொல்லாமல் விட்டுக்கொடுத்திருந்தால் நம் கிளெய்முக்கே சிக்கல் வரும்.

மஞ்சள், மிளகாய், பருப்பு வியாபாரிகளுக்கு வேறு கணக்கு. 2007ஆம் ஆண்டு கிடங்குச் சட்டப்படி பதிவான கிடங்கில் பொறுப்பு இன்னும் கடுமை. அலட்சியத்தால் சேதமானால் சரக்கின் மதிப்போடு இழந்த லாபமும் தர வேண்டும். நான் அப்படிப்பட்ட கிடங்கில் சரக்கு வைத்ததில்லை, நடைமுறையில் எவ்வளவு சீக்கிரம் பணம் வருகிறது என்பதை அங்கே வைத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். பூச்சியும் பூஞ்சையும் மட்டும் தீ விபத்து பாலிசியில் வராது, எந்தக் கிடங்கானாலும்.

இப்போதும் அதே பகுதியில்தான் வாடகைக்கு இருக்கிறோம். ‘தரையிலிருந்து அரை அடி உயரப் பலகை’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. மாதம் ஒருமுறை போய் அடி வரிசையைப் போட்டோ எடுத்து வருகிறேன்.