ஐஇஎல்டிஎஸ் எழுத்தில் அரை பேண்ட் குறைந்தால்: கனடா, ஆஸ்திரேலியா என்ன செய்கின்றன?

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். வயது 32, திருமணம் ஆகவில்லை, கணினியில் பி.இ., 6 ஆண்டு அனுபவம். வெளிநாட்டில் குடியேற ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதியிருக்கிறார். அதில் பேண்ட் எனப்படும் மதிப்பெண் கேட்டலில் 8, வாசிப்பிலும் பேச்சிலும் 7, எழுத்தில் மட்டும் 6.5.

குடியேற விரும்புவோரைப் புள்ளி போட்டு வரிசைப்படுத்தும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வயதுக்கு 94, படிப்புக்கு 120 கிடைக்கும். மொழியில் நான்கு திறனுக்கும் தனித்தனியாகப் புள்ளி உண்டு. மூன்றுக்கு 31 வீதம், எழுத்துக்கு 23, ஆக 116. எழுத்தில் 7 வாங்கியிருந்தால் 124. வெறும் 8 புள்ளிதானே என்று தோன்றும், ஆனால் பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. படிப்பையும் வெளிநாட்டு அனுபவத்தையும் மொழியோடு சேர்த்துப் பார்த்து அங்கே தனிப் புள்ளி தருகிறார்கள். கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 என்ற மட்டத்தை நான்கு திறனும் தொட்டால் அது 75, ஒன்று சறுக்கினாலும் 38தான். ஆக, அரை பேண்டால் மொத்தம் 413 ஆக இருக்க வேண்டியது 368 ஆகிறது.

ஆஸ்திரேலியாவில் கணக்கு எளிது, ஆனால் இரக்கமில்லாதது. நான்கில் எது குறைவோ அதுதான் உங்கள் மட்டம். எல்லாம் 7 என்றால் 10 புள்ளி, எல்லாம் 8 என்றால் 20. ஒன்று 6.5 ஆனாலும் பூஜ்யம். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, தனியாள் என்பதற்கு 10. அனுபவத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஐ.டி. துறையினரின் தகுதியை மதிப்பிடும் ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி, பட்டம் வேலையோடு நெருங்கிப் பொருந்தினாலும் பொதுவாக முதல் 2 ஆண்டைக் கழித்துவிடும். 6 ஆண்டு 4 ஆகி, அனுபவத்துக்கான புள்ளி 10-இலிருந்து 5-ஆகக் குறைந்துவிடுகிறது. மொத்தம் 60. விண்ணப்பிக்கவே 65 வேண்டும். எழுத்து 7 ஆனால் 70, நான்கும் 8 ஆனால் 80. 65 என்பது வாசற்படி மட்டுமே. அழைப்பு புள்ளி கூடியவர்களுக்கே முதலில் போகும்.

மாநில நியமனத்தில் இரண்டும் வெகுதூரம் விலகுகின்றன. கனடாவில் ஒரு மாகாணம் நியமித்தால் 600 புள்ளி. 2024-இல் நடந்த பொது அழைப்புச் சுற்றுகளில் 500 புள்ளிக்கு மேல் இருந்தவர்களையே அழைத்தார்கள். எனவே 413-ஐ வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிட மாகாணத்தைத் தேடுவதே என் கணிப்பில் சரியான வழி. ஆஸ்திரேலியாவில் மாநிலம் நியமித்தால் கிடைக்கும் நிரந்தர விசாவான 190-க்கு 5, பிராந்தியப் பகுதிக்கான 491 விசாவுக்கு 15. இரண்டாவது தற்காலிக விசாதான்.

இவருக்கு நான் சொல்வது, வேலையில் இன்னொரு ஆண்டு சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதே. 5 ஆண்டாகி அனுபவத்துக்கு 5 புள்ளி ஏறும்போதே, 33 வயது ஆகி ஆஸ்திரேலியாவில் வயதுக்கான 5 போய்விடும். கனடாவில் 3 ஆண்டைத் தாண்டிய வெளிநாட்டு அனுபவத்துக்குக் கூடுதலாக எதுவும் இல்லை, வயதில் மட்டும் 6 குறையும். ஆஸ்திரேலியா அழைப்பு வரும் நாளின் வயதையே பார்க்கிறது. ஐஇஎல்டிஎஸ் தேர்வை மீண்டும் எழுதும் தேதியை அந்தப் பிறந்தநாளுக்குச் சில மாதம் முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.