34 பேன்ட்டுக்கு 34 பெல்ட்டா, 36-ஆ, 38-ஆ?

என் தம்பி இடுப்பு 34 என்று லேபிள் போட்ட பேன்ட்தான் போடுவான். அதனால் பெல்ட்டையும் 34 என்றே வாங்கிவந்தான். ஆபீஸ் பேன்ட்டில் அது கடைசி ஓட்டையில் போய் நின்றது. ஜீன்ஸில் அந்தக் கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை. "தப்பா தைச்சிருக்காங்கண்ணா" என்று என்னிடம் நீட்டினான். டேப் வைத்து அளந்து பார்த்தேன். பெல்ட்டில் பிழையே இல்லை, 34 என்று போட்டிருந்தது சரியாக 34 தான் இருந்தது. பேன்ட்டில் இருந்த 34 தான் வேறு எதையோ சொன்னது.

பெல்ட்டில் உள்ள எண் பெரும்பாலும் ஒரு நீளம். பக்கிளின் கம்பியைச் சுற்றித் தோல் மடியும் இடத்திலிருந்து, ஐந்து ஓட்டைகளில் நடு ஓட்டை வரை உள்ள தூரம் அது. ஓட்டைகள் ஒவ்வோர் அங்குல இடைவெளியில் இருந்தால், 34 பெல்ட்டின் ஓட்டைகள் 32, 33, 34, 35, 36 என்று வரும். நடுவில் நிற்கும்படி வாங்கினால் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் கையில் இருக்கும்.

பேன்ட் லேபிளில் உள்ள எண் அப்படிப்பட்ட அளவு அல்ல. 34 அங்குல இடுப்புக்காரருக்கு என்று வைக்கும் பெயர் அது. துணியை அளந்தால் பல சமயம் கூடுதலாகத்தான் வரும். பட்டனைப் போட்டு, பேன்ட்டை மேசைமேல் தட்டையாக விரித்து, இடுப்புப் பட்டியின் உள்பக்கத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அளந்து, இரண்டால் பெருக்கிப் பாருங்கள். தம்பியின் ஆபீஸ் பேன்ட் 35½ அங்குலம் காட்டியது, ஜீன்ஸ் 36½. இரண்டின் லேபிளிலும் 34 தான். ஜீன்ஸ் கொஞ்சம் கீழே, இடுப்பு எலும்பு அருகே உட்காரும்படி வெட்டப்பட்டது. அங்கே உடம்பின் சுற்றளவும் கூடுதல் என்பதால் துணியும் கூடுதலாக இருந்தது.

பெல்ட் ஏன் பேன்ட்டைவிடப் பெரிதாக வேண்டும் என்று கேட்டால், பெல்ட் பேன்ட்டுக்கு வெளியே சுற்றுகிறது, அதனால்தான் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒரு வட்டத்தின்மேல் ஒரு தடிப்பைச் சுற்றினால், சுற்றளவு அந்தத் தடிப்பைப்போல ஆறே கால் மடங்கு கூடும். ஆபீஸ் பேன்ட்டின் இடுப்புப் பட்டி 3 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் சுற்றளவில் 19 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம் ஏறும். பெல்ட் தோலுக்கும் தடிப்பு உண்டு. வளையும்போது தோலின் உள்பக்கம் சுருங்கி வெளிப்பக்கம் விரிவதால், தடிப்பில் பாதியைக் கணக்கில் எடுத்தால் போதும். 4 மில்லிமீட்டர் தோலுக்கு அது அரை அங்குலம். ஆக, ஒன்றே கால் அங்குலம் கூடிவிட்டது.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெல்ட்டை மாட்டியபின் இடுப்பைச் சுற்றியிருப்பது தோல் மட்டும் அல்ல, நடுவில் பக்கிளும் ஒரு பாலம்போலக் கிடக்கிறது. முள் நுழைந்த ஓட்டை, பக்கிளின் வெளிக்கம்பி வரை இழுபட்டு நிற்கும். ஆகவே தோல் மடிந்த இடத்துக்கும் அந்த ஓட்டைக்கும் இடையே பக்கிளின் உள் இடைவெளி அளவுக்குத் தோல் தேவைப்படுவதில்லை. தம்பியின் பெல்ட்டில் அது ஒன்றே கால் அங்குலம். தடிப்பு கூட்டியதைப் பக்கிள் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டது! கடைசியில் அவனுக்குத் தேவைப்பட்ட பெல்ட் நீளம், துணியின் உள் அளவான அதே 35½ தான்.

ஜீன்ஸில் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே பட்டி கனமானது, 4½ மில்லிமீட்டர் இருந்தது. அதற்கு மட்டும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே ஏறும். 36½-இல் அதைக் கூட்டி, தோலின் அரை அங்குலத்தையும் கூட்டி, பக்கிளைக் கழித்தால் ஏறக்குறைய 37 வருகிறது. மொத்தத்தில், தடிப்பால் வரும் வித்தியாசம் சிறியது. பெரிய வித்தியாசம் லேபிளுக்கும் துணிக்கும் இடையில்தான் இருக்கிறது.

சரி, இப்போது மூன்று பெல்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தேவை 35½-உம் 37-உம்.

34 பெல்ட்டின் கடைசி ஓட்டை 36. ஆபீஸ் பேன்ட்டுக்கு அதில்தான் மாட்ட வேண்டும், அதற்கு முந்தைய 35 இறுக்கும். நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு தளர்த்த இடமே இல்லை. நுனியும் குட்டையாகி, பக்கிளைத் தாண்டிப் பேன்ட்டின் முதல் லூப்பை எட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். ஜீன்ஸுக்கு அது உதவவே உதவாது.

38 பெல்ட்டின் முதல் ஓட்டை 36. ஆபீஸ் பேன்ட்டுக்கு அதுவே அரை அங்குலம் லூஸ், அதற்குமேல் இறுக்க வழியில்லை. ஜீன்ஸில் இரண்டாவது ஓட்டையில் சரியாக நிற்கும். ஆனால் ஐந்தாம் ஓட்டையிலிருந்து நுனி வரை நாலு அங்குலம் இருக்கும் பெல்ட்டை முதல் ஓட்டையில் மாட்டினால், எட்டு அங்குலம் வால் வெளியே வந்துவிடும். அது இரண்டாவது லூப்பையும் தாண்டித் தொங்கும். ஆணியால் புது ஓட்டை குத்திச் சமாளிக்கலாம் என்பார்கள். ஓட்டை கிடைக்கும், வால் இன்னும் நீளும்.

36 பெல்ட்டில் ஆபீஸ் பேன்ட்டுக்கு நடு ஓட்டை, அரை அங்குலம் இளக்கமாக. இறுக்கமாக வேண்டும் என்றால் அதற்கு முந்தையது. ஜீன்ஸுக்கு நாலாவது. இரண்டிலும் இன்னும் ஓர் ஓட்டையாவது மிச்சம் இருக்கிறது, நுனி முதல் லூப்பைத் தாண்டி அடங்குகிறது. தம்பிக்கு 36 தான் சரி.

பேன்ட் எண்ணோடு இரண்டு கூட்டிக்கொள் என்று எல்லோரும் சொல்வதும் அதே 36 தானே என்று தோன்றும். அவனுக்கு அது பொருந்தியதற்குக் காரணம், அவன் பேன்ட் லேபிள் ஒன்றரை முதல் இரண்டரை அங்குலம் வரை குறைத்துச் சொன்னதுதான். தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த பேன்ட்டில் 34 என்றால் துணியும் கிட்டத்தட்ட 34 தான் இருக்கும். அங்கே இரண்டு கூட்டினால் முதல் ஓட்டையில் போய் நிற்பீர்கள், 34 பெல்ட்டே நடுவில் நிற்கும். லேபிள் மூன்று அங்குலம் குறைத்துச் சொல்லும் பேன்ட்டும் உண்டு, அங்கே இரண்டு போதாது. அதனால் "இரண்டு கூட்டு" என்பதை, அளக்க வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்தும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது பரிசாக வாங்கும்போது, அவருடைய பேன்ட் எண் மட்டும் தெரிந்தால், அது கைகொடுக்கும்.

அளக்க முடிந்தால் இரண்டு வழி. முதலாவது, டேப்பைப் பெல்ட் மாதிரியே பேன்ட்டின் லூப்புகளுக்குள் விட்டுச் சுற்றி அளப்பது. பேன்ட்டை வழக்கமாக நிறுத்தும் உயரத்தில் நிறுத்தி, வயிற்றை உள்ளே இழுக்காமல், சட்டையை உள்ளே விடுவீர்கள் என்றால் விட்டபடியே அளக்க வேண்டும். இதில் லேபிள் பொய்யும் பட்டித் தடிப்பும் தாமாகவே அடங்கிவிடும். பேன்ட் லூஸாக இருந்து பெல்ட்டால் இழுத்துக் கட்டுபவர் என்றால் அதையும் டேப் காட்டும். தோலின் தடிப்புக்காக அரை அங்குலம் கூட்டி, பக்கிளுக்காக ஒன்றே கால் கழித்தால் துல்லியமான எண் வரும். அவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்றால் டேப் காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம், முக்கால் அங்குலம்தான் கூடும், ஓர் ஓட்டைக்குள் சரியாகிவிடும்.

இரண்டாவது, பழைய பெல்ட்டை அளப்பது. எனக்கு இதுதான் பிடித்த வழி. பெல்ட்டைத் தட்டையாக விரித்து, தோல் மடியும் இடத்திலிருந்து நீங்கள் மாட்டும் ஓட்டை வரை அளங்கள். நடு ஓட்டை வரை அல்ல, எப்போதும் மாட்டும் ஓட்டை வரை. எது என்று சந்தேகம் வந்தால் தோலே சொல்லும்: அந்த ஓட்டை நுனிப் பக்கமாக நீண்டு முட்டை வடிவமாகியிருக்கும், மேலே பக்கிள் அழுத்திய கோடும் இருக்கும். முள் வந்து அழுத்தும் அந்த நுனிப்பக்க ஓரம் வரை அளக்க வேண்டும். வரும் எண்தான் புதுப் பெல்ட்டின் நடு ஓட்டை. பழைய தோல் இழுபட்டு நீண்டிருக்குமே என்று கவலை வேண்டாம், இன்று உங்கள் இடுப்பைச் சுற்றுவது அந்த நீண்ட தோல்தான். தம்பியின் பழைய பெல்ட்டை அளந்தபோது அதே 35½ வந்தது.

இந்த வழி தவறும் இடமும் ஒன்று உண்டு. பழையது சின்ன பக்கிள், புதியது அகலமான பெரிய பக்கிள் என்றால், பாலம் நீளும், தோல் குறைவாகத் தேவைப்படும். அப்போது இரண்டு பக்கிளின் உள் இடைவெளியையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எண் கிடைத்தபின் பெல்ட்டில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது என்பது தனிச் சிக்கல். சில தயாரிப்பாளர்கள் பேன்ட் எண்ணையே பெல்ட்டில் போடுகிறார்கள். அதில் 34 என்றால் 34 பேன்ட்காரருக்கு, கூட்ட வேண்டியதை அவர்களே கூட்டிவிட்டார்கள். நீங்களும் இரண்டு கூட்டினால் 38-இல் போய் விழுவீர்கள். இன்னும் சிலர் பக்கிளிலிருந்து நுனி வரை மொத்த நீளத்தைச் சொல்வார்கள். 36 பெல்ட்டின் தோல் மொத்தமாக 42 அங்குலம் இருக்கும். 90, 95 என்று பார்த்தால் அது சென்டிமீட்டர், 35½ அங்குலம் என்பது 90. இதில் எதுவும் தெளிவாக எழுதவில்லை என்றால், பக்கிள் மடிப்பிலிருந்து நடு ஓட்டை வரை எவ்வளவு என்று கேளுங்கள். கையில் இருந்தால் அங்கேயே டேப் வைத்துப் பாருங்கள்.

ஓட்டையே இல்லாமல், பின்பக்கம் பல் வரிசை வைத்து இழுத்து மாட்டும் பெல்ட்டில் இந்தக் கவலை குறைவு. அது நீளமாக வரும், பக்கிளைக் கழற்றி அந்த முனையில் வெட்டிக்கொள்ளலாம். கணக்கு போட்டதைவிட ஓர் அங்குலம் நீளமாகவே முதலில் வெட்டி, கனமான ஜீன்ஸைப் போட்டு மாட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் மீதியை வெட்டுங்கள்.